லேவில் முதல் நான்கு நாள்

டெல்லியிலிருந்து லடாக்கின் லே நகருக்குப் போகும் விமானத்தில் ஒரு விசித்திரம் உண்டு. விமானம் தரையிறங்கும்போது பயணிகளின் உடல் மலையேறுகிறது. வானில் பறக்கும்போது கேபினுக்குள் காற்றழுத்தத்தைச் செயற்கையாகக் கூட்டி வைத்திருப்பார்கள். வெளியே முப்பதாயிரம் அடிக்கு மேல் பறந்தாலும், உள்ளே இருக்கும் அழுத்தம் அதிகபட்சம் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பதற்குச் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆனால் லே விமான நிலையமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 10,680 அடி உயரத்தில் இருக்கிறது. கதவைத் திறப்பதற்குள் உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமமாகிவிட வேண்டும். ஆகவே சக்கரங்கள் ஓடுபாதையைத் தொடுவதற்கு முன்பே, கேபின் அழுத்தத்தை இன்னும் தளர்த்தி லேவின் அழுத்தத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். இருக்கையில் பெல்ட் போட்டு அமர்ந்தபடியே நீங்கள் மேலும் இரண்டாயிரத்து எழுநூறு அடி ஏறியிருப்பீர்கள்.

சென்னையிலிருந்து முந்தைய நாள் கிளம்பியவருக்கு இது மிகப் பெரிய தாவல். கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் மூன்றரை ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு வந்து, அன்றிரவு அங்கேயே தூங்கப் போகிறார். சாலை வழியாக மெதுவாக ஏறி வந்திருந்தால் உடல் வழியிலேயே செய்து முடித்திருக்கும் வேலைகளை, விமானத்தில் வந்தவரின் உடல் விடுதி அறையில் படுத்துக்கொண்டு செய்தாக வேண்டும். அந்த வேலைகளில் முதலாவதும் நம் கண்ணுக்கும் விரலுக்கும் எளிதில் தெரிவதும் நாடித்துடிப்புதான்.

மலையில் ஆக்சிஜன் குறைவு என்று பொதுவாகச் சொல்வோம். அதன் விகிதம் எங்கும் ஏறத்தாழ 21 சதவீதம்தான். மெரினா கடற்கரையிலும் அதே, லேவிலும் அதே. குறைவது காற்றின் மொத்த அழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம் என்றால், லே நகரில் 500ஐ ஒட்டி நிற்கிறது. அழுத்தம் குறைந்ததால் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் போய்ச் சேரும் ஆக்சிஜன், ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகிவிடுகிறது.

இந்தக் குறையை முதலில் கண்டுபிடிப்பது மூளையோ இதயமோ அல்ல. கழுத்தின் இரு பக்கமும் தலைக்குப் போகும் பெரிய தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், சில மில்லிமீட்டர் அளவில் கரோட்டிட் உடலங்கள் என்ற உணர்வுறுப்புகள் இருக்கின்றன. தம்மைக் கடந்து போகும் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் இறங்கியதை அவை சில நொடிகளில் உணர்ந்து மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து இரண்டு கட்டளைகள் கிளம்புகின்றன. மூச்சை ஆழமாகவும் வேகமாகவும் இழு என்பது ஒன்று. இதயத்தை விரைவாக ஓட்டு என்பது மற்றொன்று. அட்ரினலின் வகை நரம்புகள் முடுக்கப்படுகின்றன. இதயத்தை வழக்கமாக அடக்கி வைத்திருக்கும் வேகஸ் நரம்பின் பிடி தளர்கிறது.

இதில் எவ்வளவு வேகம் தேவை என்பதை ஒரு கணக்காகப் போட்டே பார்க்கலாம். சென்னையில் காலையில் கண் விழித்ததும் நாடி 68 ஓடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது நாற்பத்தைந்து, இதய நோய் இல்லை. ஒரு துடிப்புக்கு அவர் இதயம் சுமார் 70 மில்லிலிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது என்றால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 4.8 லிட்டர். ஒரு லிட்டர் ரத்தம் 200 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். ஆக நிமிடத்துக்குச் சுமார் 950 மில்லிலிட்டர் ஆக்சிஜன் உடலெங்கும் போகிறது. ஓய்வில் உடல் உண்மையில் செலவழிப்பது இதில் கால்வாசிதான். ஆனாலும் இந்த மொத்த வரத்து சரிந்துவிடாமல் காப்பதுதான் இதயத்தின் நோக்கம்.

இப்போது லேவில் அவர் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் 87 காட்டுகிறது. ஊரில் 98 இருந்தது. கொரோனா காலத்தில் இந்தக் கருவியை வாங்கிப் பழகிய நமக்கு 87 என்றால் பதற்றம் வரும். லேவில் முதல் நாள் அது சாதாரணமாகக் காணக்கூடிய எண். குடத்தில் தண்ணீர் குறைந்தால் நடையின் எண்ணிக்கை கூடும் என்பதுபோல, இதயம் இங்கே கூடுதல் நடை நடக்கிறது. ஒரு லிட்டர் ரத்தம் இப்போது 177 மில்லிலிட்டர் ஆக்சிஜனையே சுமக்கிறது. அதே 950 போய்ச் சேர வேண்டுமானால் நிமிடத்துக்கு 5.4 லிட்டர் ரத்தம் ஓட வேண்டும். அதற்கு 77 துடிப்பு போதும். ஆனால் அவருடைய நாடி 84 காட்டும். மிச்சமுள்ள ஏழு துடிப்பு எதற்கு? அட்ரினலின் தேவைக்குச் சற்று மேலாகவே முடுக்குகிறது. மூச்சுத் தசைகள் கூடுதலாக உழைக்கின்றன. பயணக் களைப்பும் தூக்கமின்மையும் தம் பங்கைச் சேர்க்கின்றன. இந்த எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். முதல் நாள் ஓய்வு நாடி ஊரில் இருந்ததைவிடப் பத்து முதல் முப்பது சதவீதம் வரை உயர்வது இயல்பு. அது நோயல்ல, உடல் சரியாக வேலை செய்வதன் அடையாளம்.

ஆனால் இது தற்காலிக ஏற்பாடு. எந்நேரமும் வேகமாக ஓடும் இதயத்தை நம்பி உடல் வாரக்கணக்கில் வாழ விரும்புவதில்லை. அடுத்த சில நாள்களில் அந்தச் சுமையை வேறு உறுப்புகள் மெல்ல வாங்கிக்கொள்ள வேண்டும். அவற்றுள் எனக்கு மிக முக்கியமாகப் படுவது சிறுநீரகம். மலைநோய் பற்றிப் பேசுகிறவர்கள் நுரையீரலையும் ரத்தத்தையும் சொல்லிவிட்டு அதை விட்டுவிடுகிறார்கள்.

வேகமாக மூச்சு விடும்போது ஆக்சிஜன் சற்றுக் கூடுதலாக உள்ளே வருகிறது. கூடவே கார்பன் டை ஆக்சைடு வழக்கத்தைவிட அதிகமாக வெளியேறிவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடு ரத்தத்துக்கு அமிலத்தன்மை தருவது. அது குறைந்தால் ரத்தம் காரத்தன்மை அடைகிறது. மூளைத்தண்டு இதைக் கண்டதும் மூச்சைக் குறை என்று தடை போடுகிறது. ஆக்சிஜன் போதவில்லை, இன்னும் மூச்சு வேண்டும் என்று கரோட்டிட் உடலங்கள் கேட்க, காரம் கூடிவிட்டது, போதும் நிறுத்து என்று மறுபக்கம் மறிக்கிறது. முதல் இரண்டு நாள் லேவில் நாம் உணரும் அசௌகரியத்தில் பெரும்பகுதி இந்த இழுபறியில்தான் பிறக்கிறது. இதைத் தீர்க்கும் வழி சிறுநீரகத்திடம் இருக்கிறது. காரத்தன்மை உள்ள பைகார்பனேட்டை அது சிறுநீரில் வெளியேற்றத் தொடங்குகிறது. ரத்தம் நடுநிலைக்குத் திரும்பத் திரும்ப மூச்சின் மீதிருந்த தடை விலகுகிறது. மூச்சு ஆழமாகிறது, ஆக்சிமீட்டரின் எண் 87லிருந்து 90க்கு ஏறுகிறது. சிறுநீரகம் இந்த வேலையைத் தொடங்கச் சில மணி நேரம், ஓரளவு முடிக்க மூன்று நான்கு நாள் ஆகும். நான்கு நாள் என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது என்றால் இங்கிருந்துதான்.

மலைக்குப் போகிறவர்களுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் அசிட்டசோலமைடு மாத்திரையும், அதாவது கடைகளில் டயமாக்ஸ் என்று கேட்டு வாங்குவதும், செய்வது இதைத்தான். சிறுநீரகத்தைக் கொண்டு பைகார்பனேட்டை முன்கூட்டியே வெளியேற்ற வைக்கிறது. வழக்கமாக 125 மில்லிகிராம் காலை ஒன்று, மாலை ஒன்று. கிளம்புவதற்கு முந்தைய நாளே தொடங்குவார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். விரல் நுனியில் குறுகுறுப்பு வரும், சிறுநீர் அதிகம் போகும். இரண்டும் எதிர்பார்க்கக் கூடியவை. இந்த மாத்திரை தலைவலியை மறைத்து ஏமாற்றுவதில்லை. உடல் தானாகச் செய்யப்போவதைச் சீக்கிரம் செய்ய வைக்கிறது. ஆகவே அதைப் போட்டுக்கொள்வது கௌரவக் குறைவு என்று நினைக்க வேண்டியதில்லை.

முதல் இரவுகளில் மேற்சொன்ன இழுபறி இன்னும் தெளிவாக வெளிப்படும். நான்கைந்து ஆழ்ந்த மூச்சுகள், பிறகு பத்து நொடிக்கு மூச்சே இல்லாத இடைவெளி, மறுபடி திணறலோடு ஆழ்ந்த மூச்சு என்று தூக்கத்தில் ஒரு சுழற்சி ஓடும். கையில் கட்டிய கடிகாரத்தின் வரைபடத்தைக் காலையில் பார்த்தால் நாடியும் அதற்கேற்ப அலை அலையாக ஏறி இறங்கியிருக்கும். பக்கத்தில் படுத்திருப்பவர் இதைக் கேட்டுப் பயந்துவிடுவார். தூக்கம் கெடுமே தவிர, தனியாக இது ஆபத்தான அறிகுறி அல்ல. தூக்கம் வரவில்லையே என்று தூக்க மாத்திரை போட்டாலோ, மது அருந்தினாலோ மூச்சைத் தூண்டும் இயக்கம் மந்தமாகிவிடும். அதுதான் ஆபத்து.

இரண்டாம் நாளிலிருந்து இன்னொரு மாற்றம். அடிக்கடி சிறுநீர் போகும்; இந்தத் தொல்லையைப் பலர் குளிரின் மேல் பழி போட்டுவிடுவார்கள். உண்மையில் உடல் வேண்டுமென்றே ரத்தத்தில் உள்ள நீரைக் குறைக்கிறது. பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி சில நாள்களில் பத்து சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிடும். நீர் வற்றும்போது சிவப்பணுக்கள் அடர்த்தியாகி, ஒரு லிட்டர் ரத்தம் சுமக்கும் ஆக்சிஜன் கூடுகிறது. மலையில் நாலு நாளில் புது ரத்தம் ஊறிவிட்டது என்று சொல்வதை நம்ப வேண்டாம். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபோயட்டின் என்ற ஹார்மோன் முதல் நாளே உயர்வது உண்மைதான். ஆனால் எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிய அணுக்கள் கணக்கில் தெரியும் அளவுக்கு வர வாரங்கள் ஆகும். ஒரு வாரச் சுற்றுலாப் பயணிக்குக் கிடைப்பது பழைய ரத்தத்தின் அடர்ந்த வடிவம்.

இந்த அடர்த்திக்கு ஒரு விலை உண்டு. மொத்த ரத்தம் குறைந்ததால் இதயத்துக்குத் திரும்பி வரும் அளவும் குறைகிறது; ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் தள்ளிய இதயம் இப்போது 63 தான் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்காம் நாள் காலை நம் ஆளின் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்போம். ஆக்சிமீட்டர் 90, ரத்த அடர்த்தி ஆறு சதவீதம் கூடியிருக்கிறது. ஒரு லிட்டர் ரத்தம் 195 மில்லிலிட்டர் ஆக்சிஜன் சுமக்கிறது, ஏறக்குறைய ஊரில் இருந்த அளவு. 950 கொண்டுபோக 4.9 லிட்டர் ரத்தம் ஓடினால் போதும். அதாவது இதயம் நிமிடத்துக்குத் தள்ள வேண்டிய ரத்தம் சென்னை அளவுக்கே வந்துவிட்டது. ஆனால் 63 மில்லிலிட்டராகத் தள்ளினால் அதற்கு 78 துடிப்பு வேண்டும். ஊரில் 68 இருந்தது நான்காம் நாளும் 78லேயே நிற்கிறதே, உடல் பழகவில்லையோ என்று கவலைப்படுகிறவர்களுக்கு இதுதான் விடை. பழகியிருக்கிறது. மலையில் இருக்கும்வரை நாடி ஊர் அளவுக்கு முழுமையாக இறங்காமல் சற்று மேலேயே நிற்கும். ஆக, பார்க்க வேண்டியது திசையை. 84, 84, 81, 78 என்று காலை நாடி இறங்கிவந்தால் சுமை இதயத்திலிருந்து மற்ற உறுப்புகளுக்குக் கைமாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

நாடியை எப்போது எண்ணுவது என்பதும் முக்கியம். எழுந்து நடந்த பின்போ, தேநீர் குடித்த பின்போ அல்ல. காலையில் கண் விழித்துப் படுக்கையில் இருக்கும்போதே ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். ஆக்சிமீட்டரை மாட்டுமுன் கையைத் தேய்த்துச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த விரலில் ரத்தம் சரியாக ஓடாததால் கருவி 75 என்றுகூடக் காட்டும். அதை நம்பி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களும் உண்டு. ரத்த அழுத்தத்துக்கு அடினலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடி உயர விடாமல் மருந்தே பிடித்து வைக்கும். அவர்களுக்கு நாடியை வைத்து எதையும் கணிக்க முடியாது; அதற்காக மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது. ரத்தசோகை இன்னொரு பக்கம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. சுமக்கும் ஹீமோகுளோபினே குறைவென்றால் இதயம் இன்னும் வேகமாக ஓட வேண்டியிருக்கும். பயணச்சீட்டு வாங்கும்போதே ரத்தப் பரிசோதனையையும் செய்துகொள்வது நல்லது.

இந்த விவரங்களில் பலவற்றை உலகுக்குச் சொன்னவர்களில் இந்திய ராணுவ மருத்துவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். 1962 போரின்போது சமவெளியிலிருந்து வீரர்களை அவசரமாக இமயத்தின் உயரங்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இந்தர் சிங் தலைமையிலான மருத்துவர்கள் மலைநோய் கண்ட 1,925 வீரர்களின் விவரங்களைத் தொகுத்து 1969இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பழகுவதற்கு ராணுவம் வகுத்த படிநிலையில், லே போன்ற உயரத்துக்கு ஆறு நாள். முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. அடுத்த இரண்டு நாள் சமதரையில் மெதுவான நடை. கடைசி இரண்டு நாள் சற்றுத் தூரமும் சிறிது ஏற்றமும். உடல் உறுதி மிக்க இளைஞர்களுக்கே இவ்வளவு. நம் சுற்றுலாத் திட்டங்களில் பலவும் இரண்டாம் நாள் காலையிலேயே கர்துங் லா கணவாய்க்கும், அன்றோ மறுநாளோ பாங்காங் ஏரிக்கும் ஆட்களை ஏற்றிவிடுகின்றன. இது எனக்குக் கோபத்தையே தருகிறது. பாங்காங் ஏரி லேவைவிட ஏறத்தாழ 750 மீட்டர் உயரம். மூவாயிரம் மீட்டருக்கு மேல், ஒரு நாளில் தூங்கும் இடத்தின் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மலை மருத்துவர்களின் அறிவுரை. கணவாயைக் காரில் கடந்து இறங்கிவிடுவதைவிட, உயரத்தில் இரவு தங்குவதுதான் உடலைச் சோதிக்கும்; தூக்கத்தில் மூச்சு குறையும், ஆக்சிஜன் இன்னும் சரியும். லேவில் மூன்று இரவு தங்கி, பிறகு லேவைவிடத் தாழ்வான நூப்ரா பள்ளத்தாக்கில் இரவைக் கழித்து, கடைசியில் பாங்காங் போவது அதே பணத்தில் செய்யக்கூடிய மாற்றம்.

காலை நாடி இறங்குவதற்குப் பதிலாக ஏறத் தொடங்கினால் கவனிக்க வேண்டும். ஓய்வில் அமர்ந்திருக்கும்போதே நாடி 110ஐத் தாண்டுகிறது, உடன் வந்தவர்களுக்கு 88 காட்டும்போது இவருக்கு மட்டும் 75, நேற்று ஏறிய படியில் இன்று பாதியில் நிற்கிறார், வறட்டு இருமல் இருக்கிறது என்றால் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கலாம். ஆக்சிஜன் குறைந்த நுரையீரலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். எல்லா இடத்திலும் சமமாகச் சுருங்காததால், சில பகுதிகளில் அழுத்தம் எகிறி, நுண்குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. பெரும்பாலும் இது இரண்டாம் இரவிலிருந்து நான்காம் இரவுக்குள் வரும். சளிக் காய்ச்சல் என்று நினைத்து விடியும்வரை காத்திருந்து உயிரை இழந்தவர்கள் இருக்கிறார்கள். செய்ய வேண்டியது ஆக்சிஜன் கொடுப்பதும் கீழே இறக்குவதும்தான்; லேவில் இருந்தால் உடனே சோனம் நோர்பு நினைவு மருத்துவமனை போன்ற இடத்துக்குப் போக வேண்டும். தலைவலியோடு பேச்சு குழறுகிறது, நேர்கோட்டில் குதிகாலும் விரலும் தொட அடிவைத்து நடக்க முடியவில்லை என்றால் மூளை வீங்குகிறது என்று பொருள். அதற்கு நாடியைப் பார்த்துக்கொண்டிருக்கவே கூடாது.

நீண்ட விமானப் பயணத்திலும் இதே கதையின் முதல் பக்கம் மட்டும் நடக்கிறது. எட்டாயிரம் அடி என்பது 2,438 மீட்டர். உதகை நகருக்கும் தொட்டபெட்டா சிகரத்துக்கும் இடைப்பட்ட உயரம். சென்னையிலிருந்து லண்டன் போகும் பத்து மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ஆக்சிஜன் அளவு நான்கைந்து புள்ளி இறங்கும், நாடி சில துடிப்பு கூடும். சிறுநீரகம் வேலையை முடிப்பதற்குள் விமானம் இறங்கிவிடுவதால் அங்கே பழக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் கேபினை ஆறாயிரம் அடி அளவில் வைத்திருப்பதால் இந்த மாற்றம் இன்னும் குறைவு. ஆனால் விமானத்தில் மது அருந்திவிட்டுத் தூங்குவது வேறு விஷயம். ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையத்தினர், ஆரோக்கியமான இளைஞர்களைக் கேபின் அழுத்தமுள்ள அறையில் தூங்க வைத்துப் பார்த்த ஆய்வு 2024இல் வெளியானது. மது இல்லாமல் தூங்கியவர்களுக்கு ஆக்சிஜன் 88, நாடி 73ஐ ஒட்டி இருந்தது. மது அருந்தியவர்களுக்கு ஆக்சிஜன் 85, நாடி 88. தரையில் மதுவின்றித் தூங்கியவர்களின் நாடி 64. இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் இந்த வித்தியாசத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மலையிலிருந்து இறங்கியதும் எல்லாம் பின்னோக்கி ஓடும். ஊர் வந்து ஓரிரு நாளில் மூச்சு பழைய நிலைக்கு வரும். குடிக்கும் தண்ணீர் ரத்தத்தில் தங்கத் தொடங்கி, பிளாஸ்மா நிரம்பும். நாடி 68க்குத் திரும்பும். இரண்டு வாரம் போனால் லேவில் சேர்த்த பழக்கத்தில் பெரும்பகுதி மறைந்துவிடும். இதை அறியாமல், போன மாதம்தானே போய்வந்தேன் என்று மறுபடி நேராகப் பறப்பவர் புதியவரைப் போலவே முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். விடுமுறையில் சமவெளிக்குப் போய்த் திரும்பிய ராணுவ வீரர்களுக்கு, உயரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் சிலருக்குக்கூட, திரும்பி வந்த முதல் சில இரவுகளில் நுரையீரலில் நீர் கோத்ததுண்டு. எத்தனை முறை அங்கே வாழ்ந்திருந்தாலும், கீழே போய்வந்தவர் மறுபடி ஏறும்போது முதல் இரண்டு நாள் படுக்கையிலும் நாற்காலியிலும்தான் கழிக்க வேண்டும்.